ராமா, பிஸ்தா, அரக்கு: சப்ளையர் எழுதிற கலர்ப் பேரை ஃபில்டருக்குப் பொருந்த மாத்திறது எப்பிடி

போன நல்லூர்த் திருவிழா நேரம் கனடாவில இருந்து ஒரு அக்கா வொட்ஸ்அப்பில கேட்டவ, "தம்பி உங்கட ஒன்லைன் கடையில பச்சைச் சாறி பதினொண்டுதான் இருக்கோ, நல்லதா ஒண்டையும் காணேல்ல" எண்டு. நான் கஸ்தூரியார் வீதிக் கடையில நிண்டுதான் அந்த மெசேஜை வாசிச்சனான், எனக்கு முன்னால ராக்கையில பச்சை மட்டும் ஒரு முழு வரிசை. எண்ணிப் பாத்தன், 37. அப்ப மிச்சம் 26 எங்க போனது?

ஒண்டும் தொலையேல்ல. எல்லாம் ஏத்தித்தான் இருந்தது, ஆனா கலர் எண்ட இடத்தில சப்ளையர் இன்வொய்ஸ்ல எழுதினதை அப்பிடியே போட்டிருந்தம். `Rama` எண்டு 8, `Bottle Green` 6, `PISTA` 4, `mehendi` 3, `C.Green` 2, மிச்சம் மூண்டும் `gr;ir` எண்டு என்னெண்டே விளங்காத எழுத்து. `Green` எண்டு சுத்தமா எழுதியிருந்தது அந்த 11 தான், ஃபில்டருக்குத் தெரிஞ்சதும் அது மட்டும்தான். ஃபில்டர் துணியைப் பாக்கிறேல்ல, எழுத்தைத்தான் பாக்குது.

அந்த 37 சாறியை வச்சே முழு வேலையும் எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லுறன். கூகிள் ஷீட் ஒண்டு காணும்.

சப்ளையர்ட சொல்லை அழிக்காதேங்கோ

கனபேர் விடுற முதல் பிழை இதுதான், `Rama` எண்டிருக்கிற இடத்தில போய் அதை அழிச்சுப்போட்டு "பச்சை" எண்டு எழுதிறது. பிறகு அதே சாறி திரும்ப எடுக்க வேணும் எண்டால் சப்ளையருக்குப் பச்சை எண்டு சொல்லேலாது, அவரிட்ட பச்சையே ஏழு விதம் இருக்கும். அதோட வாங்கிற ஆக்களிலயும் "ராமா கிரீன்" எண்டே தேடுற ஆக்கள் இருக்கினம். அதால எப்பவும் ரெண்டு நிரல், ஒண்டு சப்ளையர் சொன்னது, மற்றது நாங்கள் தீர்மானிச்சது. பெரிய தளங்களும் இப்பிடித்தான் வச்சிருக்குது, அமேசானின்ர பழைய டெம்ப்ளேட்ல `color_name` எண்டு ஒண்டும் `color_map` எண்டு ஒண்டும் பாத்திருப்பியள், முதலாவதில விரும்பினதை எழுதலாம், ரெண்டாவது ஃபில்டருக்கு. கனபேர் ரெண்டிலயும் ஒரே சொல்லைப் போட்டிட்டு ஃபில்டர் வேலை செய்யேல்ல எண்டு நிக்கிறவை.

எங்கட ஷீட் இப்பிடி: A நிரல்ல சாமான் நம்பர், B-ல சப்ளையருக்கு நாங்கள் வச்ச குறி (சூரத் ஆள் `S1`, கொழும்பு புறக்கோட்டை ஆள் `S2`), C-ல அவர் எழுதின சொல், அதில கை வைக்கிறேல்ல. D-ல துப்புரவாக்கின சொல், E-ல எங்கட கலர்.

எங்கட லிஸ்ட்ல எத்தினை கலர் வேணும்

1969-ல பெர்லின், கே எண்டு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கன மொழிகளைப் பாத்து, அடிப்படைக் கலர்ச் சொல் எண்டு கூடினது 11 எண்டு சொன்னவை: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மண்ணிறம், ஊதா, ரோஸ், செம்மஞ்சள், சாம்பல். அதுக்குப் பிறகு அந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கன வாதம் நடந்தது, ஆனா கடைக்கு இந்த 11 நல்ல தொடக்கம், ஏனெண்டால் ஒரு துணியைக் காட்டி என்ன கலர் எண்டு கேட்டால் ஆக்களின்ர வாயில முதல்ல வாறது இதுகள்தான்.

துணிக்கடைக்கு இதோட நாங்கள் சேர்த்தது தங்கம், வெள்ளி, கிரீம், பலவர்ணம், பிறகு மெரூன். மொத்தம் 16. மெரூனுக்கு ஏன் தனி இடம் எண்டால் இஞ்ச கூறைச் சீலை பாக்க வாற ஆக்கள் சிவப்பு வேற அரக்கு வேற எண்டுதான் வருவினம், ரெண்டையும் ஒண்டாப் போட்டால் அரக்குத் தேடுறவ தக்காளிச் சிவப்புக்குள்ள கிடந்து அலைய வேணும். நீங்கள் சப்பாத்து விக்கிறியள் எண்டால் மெரூன் தேவையில்லை, ஆனா மண்ணிறத்தை ரெண்டாப் பிரிக்கலாம். வாங்க வாற ஆள் கேக்கிற வித்தியாசம்தான் லிஸ்ட்டுக்குள்ள வரவேணும், சப்ளையர் காட்டுற வித்தியாசம் இல்லை. 20-ஐத் தாண்டினால் ஃபில்டர் திரும்பவும் விலைப்பட்டியல் மாதிரி நீண்டு போகும்.

"வேற" எண்டு ஒரு கலர் வச்சிடாதேங்கோ. முடிவெடுக்கப் பஞ்சிப்பட்ட எல்லாம் அதுக்குள்ள போய் விழும், "வேற" எண்டதை அமத்திச் சாறி தேடுற ஆளை நான் இன்னும் காணேல்ல.

சொல்லைத் துப்புரவாக்கிறது

`R.Blue`, `r blue`, `R-BLUE ` மூண்டும் ஒண்டுதான், ஆனா ஷீட்டுக்கு மூண்டும் வேற. பெரிய எழுத்து, புள்ளி, கோடு, கடைசியில கிடக்கிற கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இவ்வளவையும் D2-ல ஒரே வரியில எடுக்கலாம்:

```
=TRIM(REGEXREPLACE(LOWER(SUBSTITUTE(C2,UNICHAR(160)," ")),"[.\-_]+"," "))
```

`UNICHAR(160)` எண்டது வெப் பக்கத்தில இருந்தோ பிடிஎஃப்ல இருந்தோ ஒட்டேக்க வாற ஒரு விதமான இடைவெளி, சும்மா `TRIM` போட்டால் அது போகாது. சாய்கோடு `/` அதை மட்டும் நான் எடுக்கேல்ல, `Red/Green` எண்டால் அது ரெண்டு கலர் எண்ட செய்தி, அதை அழிச்சால் பிறகு தெரியாது.

இப்ப அந்த `gr;ir`. இஞ்சத்தை ஆக்களுக்கு இது புதுசில்லை, பழைய பாமினி எழுத்துரு. சப்ளையர் "பச்சை" எண்டுதான் தட்டியிருக்கிறார், அவரின்ர கொம்பியூட்டர்ல பாமினியில வடிவாத் தெரியும், எங்களுக்கு வரேக்க எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்தாக் கிடக்குது. சிவப்பு `rptg;G` எண்டும் நீலம் `ePyk;` எண்டும் வரும். சொல்லுக்கு நடுவிலயோ கடைசியிலயோ அரைப்புள்ளி `;` கண்டால் பாமினி எண்டு சந்தேகப்படலாம், அது புள்ளி வச்ச எழுத்தின்ர புள்ளி. மேல உள்ள `LOWER` பாமினியைக் குழப்பும், ஏனெண்டால் அதில பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற எழுத்து, `g` எண்டால் ப, `G` எண்டால் பு. ஆனபடியால் அரைப்புள்ளி உள்ள வரிகளை முதலே பிரிச்செடுத்து யூனிகோடுக்கு மாத்தி, C-ஐத் தொடாமல் D-ல போட்டிட்டுத்தான் மிச்ச வேலைக்கு வரவேணும்.

யூனிகோடிலயும் ஒரு சில்லெடுப்பு இருக்கு. "ரோஸ்" எண்டதில உள்ள ஓகாரக் குறி ஒரே குறியாவும் வரலாம், கொம்பும் அரவுமா ரெண்டு துண்டாவும் வரலாம், எந்தக் கீபோர்ட்ல தட்டினது எண்டதைப் பொறுத்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கட ஷீட்ல ரோஸ் ரெண்டு தரம் வந்து நான் அரை மணித்தியாலம் மண்டையைப் போட்டு உடைச்சன், பிறகு `LEN` போட்டுப் பாத்தால் ஒண்டு 4, மற்றது 5. சேர்த்து ஒண்டாக்கிறதுக்கு D2-ல முதல் எழுதினதுக்குப் பதில் இதை எழுதுங்கோ:

```
=SUBSTITUTE(TRIM(REGEXREPLACE(LOWER(SUBSTITUTE(C2,UNICHAR(160)," ")),"[.\-_]+"," ")),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

இது ஓகாரத்துக்கு. "பொன்" போல ஒகரத்துக்கு 3015-க்குப் பதில் 3014, 3019-க்குப் பதில் 3018.

பொருத்திற அட்டவணை

D நிரல்ல இருக்கிற சொல்லுகளை `=SORT(UNIQUE(Sheet1!D2:D))` எண்டு இன்னொரு தாள்ல எடுத்தால், `Sheet1` எண்டது முதல் தாளின்ர பேர், நூற்றுக்கணக்கான வரி ஒரு சின்ன லிஸ்ட்டாச் சுருங்கும். ஒவ்வொண்டும் எத்தினை தரம் வருது எண்டதை `COUNTIF`-ல எடுத்து, கூட வாறதில இருந்து தொடங்குங்கோ. பிறகு `map` எண்டு ஒரு தாள், அதில ரெண்டே நிரல்:

```
ALL|bottle green   பச்சை
ALL|pista          பச்சை
ALL|mehendi        பச்சை
ALL|c green        பச்சை
ALL|ash            சாம்பல்
ALL|rani           ரோஸ்
S1|rama            பச்சை
S2|rama            நீலம்
```

`ALL` எண்டால் எந்தச் சப்ளையர் சொன்னாலும் அதுதான். `S1`, `S2` எண்டு குறி போட்டது அந்த ஆளுக்கு மட்டும். E2-ல:

```
=XLOOKUP(B2&"|"&D2,map!A:A,map!B:B,XLOOKUP("ALL|"&D2,map!A:A,map!B:B,"CHECK"))
```

முதல் அந்தச் சப்ளையருக்கெண்டு தனி வரி இருக்கோ எண்டு பாக்கும், இல்லாட்டிப் பொதுவைப் பாக்கும், அதுவும் இல்லாட்டி `CHECK` எண்டு நிக்கும். `CHECK` எண்டு நிக்கிறது ஒண்டையும் தளத்துக்கு ஏத்திறேல்ல, ஆரும் ஒராள் பாத்து அட்டவணையில ஒரு வரி கூட்டினாப் பிறகுதான் போகும்.

சப்ளையர் குறியை ஏன் சேர்க்கிறம் எண்டால் ஒரே சொல் ரெண்டு ஆளிட்ட ரெண்டு கலர். ராமாவை விடுங்கோ, வெறும் `R` எண்ட எழுத்தையே பாருங்கோ, `R.Blue` எண்டால் ரோயல் புளூ, `R.Pink` எண்டால் ராணி பிங்க், இன்னொராள் `R` மட்டும் போட்டால் அது ரெட். இந்தியாவில இருந்து வாறதில "பழுப்பு" எண்டு இருக்கும், இஞ்ச நாங்கள் மண்ணிறம் எண்டோ கபிலம் எண்டோ சொல்லுறது. `Ash` எண்டது இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச சாம்பல் கலர், ஆனா தளத்தின்ர லிஸ்ட்ல `Grey` எண்டுதான் நிக்கும்.

சிலபேர் அட்டவணை செய்யப் பஞ்சியில "சொல்லுக்குள்ள red எண்டு இருந்தால் சிவப்பு" எண்டு ஒரு விதி எழுதிவிடுவினம். செய்யாதேங்கோ. `embroidered` எண்ட சொல்லின்ர கடைசி மூண்டு எழுத்தைப் பாருங்கோ. `coloured`-ம் அப்பிடித்தான். எம்பிராய்டரி போட்ட வெள்ளைச் சுடிதார் எல்லாம் சிவப்புக்குள்ள வந்து நிக்கும். `rose gold` எண்டதை ரோஸ் பிடிச்சுக்கொண்டு போயிடும். முழுச் சொல்லுக்கு முழுச் சொல் பொருந்தினால் மட்டும் எடுக்கிறதுதான் சரி, அட்டவணை ஒரு இருநூறு வரி வந்தாலும் பரவாயில்லை, அது ஒருக்காத்தான் எழுதிறது.

வரம்பில நிக்கிற கலர்கள்

பிஸ்தா, போத்தல் பச்சை, மெஹந்தி இதுகளில ஆரும் சண்டை பிடிக்கமாட்டினம். பிரச்சினை தருறது ஒரு பத்துச் சொல்தான்: ராமா, மோர்பிச், ஃபிரோசி, வைன், ரஸ்ட், பீச், கஜ்ரி, ஒனியன், மஸ்டர்ட், கத்தரிப்பூ. ராமா பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில, வைன் மெரூனுக்கும் ஊதாவுக்கும் நடுவில, பீச்சும் கஜ்ரியும் ரோஸுக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில. இதை அகராதியில பாத்துத் தீர்க்கேலாது.

படத்தில இருந்து கலர் நம்பரை எடுத்துத் தானாப் பிரிக்கலாம்தானே எண்டு எங்கட கடைப் பெடியன் ஒராள் செய்து பாத்தவன். ரெண்டு காரணத்தால சரிவரேல்ல. ஒண்டு, படத்தில துணி மட்டும் இல்லை, பின்சுவர், பொம்மை, சரிகைக் கரை எல்லாம் சேர்ந்துதான் நம்பர் வருது, அதோட ரியூப் லைட்டுக்குக் கீழ எடுத்த படம் ஒரு நிறம் வெளியில எடுத்தது இன்னொரு நிறம். மற்றக் காரணம் இன்னும் ஆழமானது. மண்ணிறம் எண்டது கண்ணளவில இருண்ட செம்மஞ்சள்தான், மெரூன் எண்டது இருண்ட சிவப்பு. கலர்ச் சக்கரத்தில எந்தக் கோணம் எண்டதை மட்டும் பாக்கிற கணக்கு இருட்டையும் வெளிச்சத்தையும் பாக்காது, அதால மண்ணிறச் சாறி முழுக்கச் செம்மஞ்சளுக்க போய் இருந்தது.

நாங்கள் செய்யிற முறை இது. துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர வெயில் படாத பகல் வெளிச்சத்தில விரிச்சு, ஐஞ்சு பேரிட்ட தனித்தனியா "இது என்ன கலர்" எண்டு மட்டும் கேக்கிறது. "பச்சையோ நீலமோ" எண்டு கேக்கப்படாது, கேட்டால் நீங்கள் முதல் சொன்னதைத்தான் சொல்லுவினம். கடையில வேலை செய்யிற ஆக்களிட்டயும் கேக்காதேங்கோ, அவை "ராமா" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். பக்கத்துக் கடைக்காரர், ரீ குடிக்க வாறவை, சாறி பாக்க வந்த அம்மாவோட நிக்கிற பிள்ளை, இப்பிடி ஐஞ்சு பேர். நாலு பேருக்குக் குறையாமல் ஒண்டையே சொன்னால் அதுதான் கலர். மூண்டுக்கு ரெண்டு எண்டு பிரிஞ்சால் அது உண்மையிலயே நடுக்கலர், தளம் ரெண்டு கலர் விட்டால் ரெண்டையும் போடுறது, கூடப் பேர் சொன்னதை முதல்ல, ஒண்டுதான் விடும் எண்டால் அந்தக் கூடினது மட்டும்.

அந்த 8 ராமாவில சூரத் ஆளின்ர 5 சாறிக்கு ஐஞ்சு பேரும் பச்சை எண்டிட்டினம். கொழும்பு ஆளின்ர 3-க்கு நாலு பேர் நீலம் எண்டினம். நான் அதைப் பச்சை வரிசையில அடுக்கி வச்சிருந்தனான், பில்லில ராமா எண்டு இருந்ததால ஒருநாளும் வேற மாதிரிப் பாக்கேல்ல. ஆக நான் எண்ணின 37-ல 3 நீலத்துக்குப் போச்சு, பச்சை ஃபில்டர்ல இப்ப 34.

தீர்த்ததை அட்டவணைக்குப் பக்கத்தில ஒரு குறிப்பு நிரல்ல எழுதி வையுங்கோ, என்ன திகதி, எந்தச் சாறியைக் காட்டினது எண்டு. ஆறு மாசத்தால இன்னொராள் வந்து "ராமா நீலமெல்லோ" எண்டு மாத்தேக்க அது தேவைப்படும்.

கரை, இரட்டைக் கலர், பலவர்ணம்

பச்சை உடல், சிவப்புக் கரை, சரிகை. இதுக்கு என்ன கலர்? எங்கட விதி உடல் கலர்தான் முதல் கலர், எப்பவும். கரை முழத்துக்கு அகலமா இருந்தால் மட்டும் ரெண்டாவது. சரிகையை எண்ணுறேல்ல, எண்ணத் தொடங்கினால் பட்டுச் சாறி எல்லாமே தங்கத்துக்குள்ள வந்திடும். தங்கம் எண்டு போடுறது ரிஷூ சாறி மாதிரி உடலே தங்கமா இருக்கிறதுக்கு மட்டும். சொல் வரிசை ஒரு பொறி: `Green Red` எண்டு ஒராள் எழுதினால் உடல் பச்சை, இன்னொராள் கரையை முதல் எழுதுவார், இதுவும் சப்ளையர் குறியோடதான் அட்டவணையில போகவேணும்.

மயில் கழுத்து மாதிரி ஊடையும் பாவும் வேற வேற நூலா நெய்தது திருப்பத் திருப்ப நீலமாவும் பச்சையாவும் தெரியும். அதுக்கு வாசல்ச் சோதினை தேவையில்லை, ரெண்டையும் போடுங்கோ. பலவர்ணம் எண்டது எந்தக் கலரும் முன்னுக்கு நிக்காத பூப்போட்டதுக்கும் கட்டம் போட்டதுக்கும்தான், தெரியாததை எல்லாம் கொண்டே கொட்டிற இடம் இல்லை.

தளத்துக்கு ஏத்தேக்க

எங்கட 16-ஐ அப்பிடியே ஒரு தளமும் எடுக்காது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சின்ன அட்டவணை, 16 வரி, இடப்பக்கம் எங்கட பேர் வலப்பக்கம் அவையின்ர பேர். மெரூன் இல்லாத தளத்துக்கு மெரூன் போய் `Red` ஆகும், அவ்வளவுதான், எங்கட ஷீட்ல மெரூன் மெரூனாவே இருக்கும். வலப்பக்கத்தைக் கையால தட்டாதேங்கோ, அந்தத் தளத்தின்ர டெம்ப்ளேட்ல அனுமதிச்ச சொல்லுகள் எண்டு தனித் தாள் இருந்தால் அதில இருந்து ஒட்டுங்கோ. `Grey`-க்குப் பதில் `Gray` எண்டு ஒரு எழுத்து மாறினாலே அந்தச் சாமான் ஃபில்டர்ல வராமல் போகலாம்.

கூகிள் மேர்ச்சன்ட் சென்டர் எண்டால் `color`-ல கூடினது மூண்டு கலர், நடுவில சாய்கோடு, முக்கியமானது முதல்ல, `Green/Red` எண்டு. அதுக்கு `multicolor` எண்டு அனுப்பக்கூடாது, கலர் நம்பரும் அனுப்பக்கூடாது. பலவர்ணச் சாறிக்கு அதில கூடத் தெரியிற ரெண்டு மூண்டு கலரைப் பேர் சொல்லி எழுத வேணும், அதால எங்கட ஷீட்ல பலவர்ணத்துக்குப் பக்கத்தில அதையும் எழுதி வைக்கிறம்.

சரியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது

ஒவ்வொரு வரியா வாசிச்சுப் பாத்தால் பிழை பிடிபடாது, கண் பழகிப் போயிடும். ஷீட்டை E நிரலால வடிகட்டி, ஒரு கலருக்குள்ள வந்த சாமான் எல்லாத்தின்ர சின்னப் படத்தையும் ஒரே திரையில பரவிப் பாருங்கோ. 34 பச்சைக்கு நடுவில ஒரு மண்ணிறம் நிண்டால் ஒரு செக்கன்ல தெரியும். எங்களுக்கு அப்பிடிப் பிடிபட்டது ஒரு `mehendi`. `S2` ஆள் மருதாணி பூசிக் காய்ஞ்சாப் பிறகு கையில வாற கலரை மெஹந்தி எண்டு எழுதியிருக்கிறார், `S1`-க்கு அது அரைச்ச இலையின்ர பச்சை. ரெண்டு பேர் சொன்னதிலயும் பிழையில்லை. அந்த மூண்டு மெஹந்தியில ரெண்டு பச்சையாவே நிண்டது, ஒண்டு `S2|mehendi` எண்டு புது வரியோட மண்ணிறத்துக்குப் போச்சு, பச்சை 33.

புது இன்வொய்ஸ் வாற நாள் வேலை இப்ப இவ்வளவுதான்: C-ல ஒட்டிறது, `CHECK` எத்தினை எண்டு எண்ணுறது, அந்தத் துணிகளை மட்டும் கட்டில இருந்து இழுத்து வாசலுக்குக் கொண்டு போறது. போன கிழமை வந்த கட்டில மூண்டு `CHECK`. ஒண்டு `Gajri`, ஒண்டு `navyblue` எண்டு சேர்த்து எழுதினது, மற்றது வெறும் `14`. அது சப்ளையரின்ர சாம்பிள் அட்டை நம்பர், அதுக்கு அவருக்குத்தான் கோல் எடுக்க வேணும்.